540 வித்தியாசம்: கையால் எழுதிய பட்டியலில் ஒன்றும் ஏழும் இடம் மாறிய கதை

ஒரு சிறு சங்கத்தின் சந்தாப் பட்டியல். மூன்று தாள், 64 பேர், ஆளுக்கு ஒரு வரி: வரிசை எண், பெயர், கொடுத்த தொகை. எல்லாம் கையால் எழுதியது. கடைசித் தாளின் அடியில் மொத்தம் 18,640 என்று போட்டிருந்தது. கையில் வந்த பணத்தையும் பொருளாளர் எண்ணிப் பார்த்துவிட்டார், அதுவும் சரியாக 18,640. ஆக, தாளில் இருக்கும் மொத்தத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பட்டியலை எக்செல்லில் ஏற்றியதும் மொத்தம் 19,180 என்று வந்தது. 540 அதிகம். இதை எப்படித் தேடினார்கள், எங்கே தவறான வழியில் போனார்கள், கடைசியில் என்ன கிடைத்தது என்பதைத்தான் எழுதுகிறேன். சரிபார்க்க என்னைக் கூப்பிட்டது பாதி வழியில்தான், அதனால் முதல் பாதி அவர்கள் சொல்லிக் கேட்டது.

மொத்தம் இடித்தால் முதலில் பார்க்க வேண்டியது, எல்லா வரியும் ஏறியிருக்கிறதா, ஏறியதெல்லாம் எண்ணாகத்தான் ஏறியிருக்கிறதா என்பது. அதை அவர்கள் ஒழுங்காகவே செய்திருந்தார்கள். பூஜ்யத்துக்குப் பதிலாக O என்ற எழுத்தைத் தட்டிவிட்டால் அந்த செல் எழுத்தாகிவிடும், SUM அதைச் சத்தமே போடாமல் விட்டுவிட்டுக் கூட்டும். தொகை C பத்தியில் இரண்டாவது வரியிலிருந்து இருந்ததால் இப்படிப் பார்த்தார்கள்:

```
=COUNT(C2:C65)
=COUNTA(C2:C65)
```

முதலாவது எண்களை மட்டும் எண்ணும், இரண்டாவது காலியாக இல்லாத எல்லா செல்லையும் எண்ணும். இரண்டும் 64 என்று வந்தது. சரி, வரி விடுபடவில்லை, எழுத்தும் கலக்கவில்லை. அப்படியானால் ஏதோ ஓர் எண்ணே தப்பாக ஏறியிருக்கிறது.

இங்கேதான் பொருளாளர் தனக்குத் தெரிந்த பழைய கணக்குப்பிள்ளை உத்தியை எடுத்தார். வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார், மீதியில்லாமல் வகுபட்டால் பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறியிருக்கக்கூடும். நல்ல உத்திதான், நானும் பயன்படுத்துவேன். 540-ஐ ஒன்பதால் வகுத்தால் 60, மீதி இல்லை. 540 என்பது ஆறு தடவை 90. அதாவது நூறாம் இடத்திலும் பத்தாம் இடத்திலும் இருக்கிற இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வேண்டும், அந்த இரண்டுக்கும் நடுவே ஆறு வித்தியாசம் இருக்க வேண்டும். 170 என்பதை 710 என்று அடித்தால் சரியாக 540 கூடும். 280-ஐ 820 என்று அடித்தாலும் அப்படித்தான், 390-ஐ 930 என்று அடித்தாலும் அப்படித்தான்.

திரையில் தேடினார்கள். 820 இல்லை, 930 இல்லை. ஆனால் 40-வது வரியில் 710 இருந்தது! பட்டியல் முழுக்க ஒரே ஒரு 710. அதை 170 ஆக்கினால் மொத்தம் அப்படியே 18,640-க்கு வந்து நிற்கும். பொருளாளருக்கு நிம்மதி.

"அம்மா, அதை நூத்தி எழுபதா மாத்திடுங்க, கணக்கு நேராயிடும்."

"சார், தாள்ல எழுநூத்திப் பத்துன்னு தெளிவா இருக்கு சார். நான் எப்படி மாத்துறது?"

தட்டச்சு செய்த அந்தப் பெண் மாற்ற மறுத்ததுதான் இந்தக் கதையிலேயே நடந்த மிகச் சரியான காரியம் என்று நினைக்கிறேன். தாளைப் பார்த்தேன், அவர் சொன்னது உண்மை. ஏழின் இடுப்பில் குறுக்குக்கோடு போட்டு, ஐயத்துக்கே இடமில்லாமல் 710 என்று எழுதியிருந்தது. அன்றைக்கு அதை மாற்றியிருந்தால் மொத்தம் ஒத்துப்போயிருக்கும், எல்லோரும் கோப்பை மூடிவிட்டுப் போயிருப்பார்கள், பட்டியலில் ஏற்கெனவே இருந்த தவறுகளோடு 40-வது வரியின் உறுப்பினருக்கு 540 குறைவாக வரவு வைத்த புதுத் தவறும் சேர்ந்திருக்கும். மொத்தத்தை ஒத்துப்போக வைப்பதற்காக ஒரு வரியைத் திருத்தவே கூடாது. தாள் என்ன சொல்கிறதோ அதுதான் திருத்தத்துக்குக் காரணமாக இருக்க முடியும்.

அப்புறம் வேறு வழியில் போனோம். மொத்தம் என்பது 64 வரியின் கூட்டு, அதில் 540 எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. அதனால் தாள்வாரியாகப் பிரித்தோம். முதல் தாளில் 1 முதல் 22, இரண்டாவதில் 23 முதல் 44, மூன்றாவதில் 45 முதல் 64. திரையில் இப்படி:

```
=SUM(C2:C23)
=SUM(C24:C45)
=SUM(C46:C65)
```

தாளின் பக்கத்துக்கு, பட்டியலை எழுதிய இருவரில் ஒருவரையே உட்காரவைத்து, கால்குலேட்டரில் தாள்வாரியாகக் கூட்டச் சொன்னோம். இன்னொருவரின் வரிகளில் தயக்கம் வந்தால் அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. எழுதியவர்தான் கூட்ட வேண்டும் என்பது முக்கியம். நானோ தட்டச்சு செய்தவரோ கூட்டினால், தாளைப் படிப்பதில் இருக்கும் அதே குழப்பம் கால்குலேட்டரிலும் ஏறிவிடும், பிறகு எதை வைத்து எதைச் சரிபார்ப்பது?

முதல் தாள் இரண்டு பக்கமும் 6,290. ஒத்துப்போனது. இரண்டாவது தாளில் எழுதியவரின் கூட்டு 6,430, திரையில் 7,030. அறுநூறு அதிகம். மூன்றாவது தாளில் எழுதியவரின் கூட்டு 5,920, திரையில் 5,860. அறுபது குறைவு.

இங்கே முடிச்சு அவிழ்ந்துவிட்டது. 540 என்று ஒரு தவறு கிடையவே கிடையாது. இரண்டு தவறுகள், ஒன்று 600 கூட்டியிருக்கிறது, இன்னொன்று 60 குறைத்திருக்கிறது. மிச்சம் நின்றதுதான் 540.

அதோடு 600, 60 என்ற எண்களே என்ன நடந்தது என்பதைப் பாதி சொல்லிவிடுகின்றன. ஓர் இலக்கத்தைத் தப்பாகப் படித்தால் வித்தியாசம் அந்த இரண்டு இலக்கங்களின் வித்தியாசம்தான், அது எந்த இடத்தில் இருக்கிறதோ அதற்கேற்பப் பூஜ்யம் சேரும். ஒன்றுக்கும் ஏழுக்கும் ஆறு. ஆக ஒன்றும் ஏழும் குழம்பினால் வித்தியாசம் 6, 60, 600, 6,000 என்றுதான் வரும். இதே ஆறு, பூஜ்யமும் ஆறும் குழம்பினாலும் வரும், மூன்றும் ஒன்பதும் குழம்பினாலும் வரும், அதனால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று, ஏழு என்று முடிவுகட்டக் கூடாது. ஆனால் தேட வேண்டிய வரிகள் சட்டென்று குறைந்துவிடும். மூன்றும் எட்டும், நான்கும் ஒன்பதும் குழம்பியிருந்தால் ஐந்து, ஐம்பது, ஐந்நூறு என்று வந்திருக்கும்.

பொருளாளர் ஏன் ஏமாந்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது அவருடைய கவனக்குறைவு இல்லை. ஓர் இடத்தில் ஒன்று ஏழாகி, வேறோர் இடத்தில் ஏழு ஒன்றானால், மிஞ்சும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 600-லிருந்து 60-ஐக் கழிப்பது என்றால் என்ன? ஆறு நூறுகளிலிருந்து ஆறு பத்துகளை எடுப்பது, அதாவது ஆறு தடவை 90. இலக்கம் இடம் மாறும்போதும் இதேதான் நடக்கிறது, 170 என்பது 710 ஆகும்போது ஏழு பத்திலிருந்து நூறுக்கு ஏறி ஏழு தொண்ணூறு கூட்டுகிறது, ஒன்று நூறிலிருந்து பத்துக்கு இறங்கி ஒரு தொண்ணூறு குறைக்கிறது, மிச்சம் ஆறு தொண்ணூறு. கணக்கு ஒன்றேதான் என்பதால் வித்தியாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஒன்பதால் வகுபட்டால் இடம் மாறியிருக்கலாம் என்பதுதான் அந்த உத்தியின் எல்லை, இடம் மாறியிருக்கிறது என்று அது சொல்வதில்லை.

இனி வரியைக் கண்டுபிடிக்க வேண்டும். திரையில் ஒன்றோ ஏழோ இருக்கும் வரிகளை மட்டும் பிரித்தெடுக்கப் பக்கத்துப் பத்தியில் ஒரு ஃபார்முலா போட்டு கீழே இழுத்தோம்:

```
=IF(OR(ISNUMBER(FIND("1",C2)),ISNUMBER(FIND("7",C2))),"பார்","")
```

ஃபில்டர் போட்டால் பார்க்க வேண்டியது 64-லிருந்து 19 வரியாகக் குறைந்தது. இரண்டாவது தாளில் நூறாம் இடத்தில் ஏழு இருக்கிற வரிகள்தான் 600 கூட்டியிருக்க முடியும். மூன்றாவது தாளில் பத்தாம் இடத்தில் ஒன்று இருக்கிற வரிகள்தான் 60 குறைத்திருக்க முடியும். இப்படிப் பார்த்தால் தாளுக்கு இரண்டு மூன்று வரிதான் தேறுகிறது. தாளோடு ஒப்பிட்டோம். 23-வது வரியில் திரையில் 750. 58-வது வரியில் திரையில் 210.

தாளில் அந்த இரண்டு வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. 23-வது வரியில் நூறாம் இடத்தில் இருக்கிற குறியும் 58-வது வரியில் பத்தாம் இடத்தில் இருக்கிற குறியும் ஏறக்குறைய ஒரே உருவம்: மேலே இடப்பக்கம் ஒரு சின்னக் கொக்கி, அங்கிருந்து கீழே கொஞ்சம் சாய்ந்த கோடு, அடியில் எதுவும் இல்லை. தட்டச்சு செய்தவர் முதலாவதை ஏழு என்று படித்திருக்கிறார், இரண்டாவதை ஒன்று என்று படித்திருக்கிறார். உண்மையில் முதலாவது ஒன்று, இரண்டாவது ஏழு. ஒரே உருவத்தை இரண்டு இடத்திலும் தலைகீழாகப் படித்திருக்கிறார்! அசிரத்தையாக அடித்தால் தவறு இப்படி ஒழுங்காக விழாது. காரணம் வேறு.

பட்டியலை எழுதியது இரண்டு பேர். 1 முதல் 22 வரை ஒருவர், 23 முதல் 55 வரை இன்னொருவர், 56-லிருந்து மறுபடி முதலாமவர். முதலாமவர் ஒன்றை வெறும் நேர்கோடாக எழுதுவார், ஏழுக்கு மேலே ஒரு குட்டிக் கொக்கி, குறுக்குக்கோடு கிடையாது. இரண்டாமவர் ஒன்றுக்கு மேலே கொக்கி போடுவார், ஏழுக்கு இடுப்பில் குறுக்குக்கோடு போடுவார். தனித்தனியாகப் பார்த்தால் இருவர் கையெழுத்திலும் குழப்பமே இல்லை, அவரவர் ஒன்றும் ஏழும் தெளிவாக வேறுபடுகின்றன. ஆனால் முதலாமவரின் ஏழும் இரண்டாமவரின் ஒன்றும் ஒரே உருவம்.

அந்தப் பெண் முதல் தாளில் 22 வரி அடித்து முடிக்கும்போது அவருடைய கண் பழகிவிட்டது: நேர்கோடு என்றால் ஒன்று, கொக்கி என்றால் ஏழு. அடுத்த தாளின் முதல் வரியே 23. கொக்கி வைத்த ஒன்று வருகிறது, பழகிய கண் அதை ஏழு என்கிறது, 150 என்பது 750 ஆகிறது. 24, 25, 26 ஆகிய வரிகளில் ஒன்றோ ஏழோ இல்லாததால் எதுவும் இடிக்கவில்லை. 27-வது வரியில் 700, குறுக்குக்கோடு போட்ட ஏழு. அங்கே அவருக்குக் கையெழுத்து மாறியது புரிந்துவிட்டது, அதிலிருந்து சரியாகவே படித்திருக்கிறார். திரும்பி 23-க்குப் போகவில்லை, அவ்வளவுதான். அப்புறம் 33 வரி இந்தப் புதுக் கையெழுத்தில் பழகிய பிறகு 56-ல் பழைய கை திரும்புகிறது, தாளின் நடுவில், எந்த அடையாளமும் இல்லாமல். இப்போது கொக்கி என்றால் ஒன்று என்பதுதான் கண்ணின் பழக்கம். 58-வது வரியின் 270 அதனால் 210 ஆனது. 60-வது வரியில் நேர்கோட்டு ஒன்று வந்ததும் மறுபடி சுதாரித்துவிட்டார்.

எனக்கு இந்தப் பட்டியலில் கிடைத்த பெரிய விஷயம் இதுதான். தவறு பட்டியல் முழுக்கச் சிதறி விழவில்லை, கை மாறுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்திருக்கிறது. அதனால் கையால் எழுதிய பட்டியல் எது வந்தாலும் அடிக்க உட்காரும் முன் நான் செய்வது, எழுத்து எங்கெங்கே மாறுகிறது என்று பார்த்துப் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போடுவது (மூலத்தாளின் மேல் எழுதக் கூடாது என்றால் நகலில்). அப்புறம் ஒவ்வொரு கைக்கும் ஒன்று எப்படி, ஏழு எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு யாரையும் கேட்கக்கூட வேண்டாம், வரிசை எண்ணே போதும். 17-வது வரியில் எழுதியிருப்பது பதினேழு என்பதில் யாருக்கும் ஐயம் வர முடியாது, அந்தக் கையின் ஒன்றும் ஏழும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இந்தப் பட்டியலில் 27, 37, 47 ஆகியவை இரண்டாமவரின் ஏழைக் காட்டுகின்றன, 31, 41, 51 அவருடைய ஒன்றைக் காட்டுகின்றன. 57-ல் முதலாமவரின் ஏழு, தவறு நடந்த 58-க்கு நேர் மேல் வரியிலேயே, உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்தப் பத்தியைத் தட்டச்சு செய்தவர் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய தேவையும் வரவில்லை, எக்செல்லில் 1, 2 என்று அடித்துக் கீழே இழுத்தால் வரிசை எண் தானாக வந்துவிடுகிறதே. வரிசை எண்ணும் தொகையும் ஒரே கை எழுதியதாக இருந்தால்தான் இது உதவும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே அச்சடித்த எண் என்றால் தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

திருத்துவதற்கு முன் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையை எடுத்துவரச் சொன்னேன். உருவத்தை வைத்து நாம் எவ்வளவு நியாயம் சொன்னாலும் அது ஊகம்தான், அடிக்கட்டையில் தொகை எழுத்தால் எழுதியிருக்கும். 23-க்கு நூற்று ஐம்பது. 58-க்கு இருநூற்று எழுபது. இரண்டு செல்லையும் மாற்றினோம், மொத்தம் 18,640.

சிலர் கேட்கலாம், அளவுக்கு மீறிய எண்ணை அடிக்க விடாமல் செல்லிலேயே வரம்பு போட்டிருக்கலாமே என்று. இந்த வழக்கில் அது உதவியிருக்காது. 150 கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், 750 கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், இரண்டுமே இயல்பான தொகைகள். எல்லாத் தொகையும் பூஜ்யத்தில் முடிவதால், கடைசி இலக்கத்தில் தவறு நடந்திருந்தால் மட்டும் =MOD(C2,10) பூஜ்யமாக வராமல் காட்டிக்கொடுத்திருக்கும்.

மொத்தம் ஒத்துப்போனதும் பொருளாளர் எழுந்துவிட்டார். நான் அவரை இன்னும் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னேன். 58-வது வரியின் தவறு பத்தாம் இடத்தில் இல்லாமல் நூறாம் இடத்தில் நடந்திருந்தால் 600 கூடி, 600 குறைந்து, முதல் நாளே மொத்தம் 18,640 என்று வந்திருக்கும். யாரும் எதையும் தேடியிருக்க மாட்டார்கள். மொத்தம் ஒத்துப்போகிறது என்பதற்கு அர்த்தம், தவறுகள் இருந்தால் அவை ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன என்பது மட்டும்தான். ஆள்வாரியாகப் பாக்கி பார்க்கப்போகிற பட்டியலுக்கு இது போதாது.

ஆகவே பட்டியலை இன்னொரு தடவை முழுதாக அடிக்கவைத்தோம், வேறோர் ஆள், C பத்தியை மறைத்துவிட்டு D பத்தியில். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும், 64-ல் தொடங்கி 1-ல் முடிக்க வேண்டும். மேலிருந்து கீழாக அடித்தால் இரண்டாவது ஆளின் கண்ணும் அதே 22 வரியில் பழகி அதே 23-ல் தடுக்கலாம், இருவரும் ஒரே மாதிரி தப்பாகப் படித்தால் ஒப்பிட்டும் பயனில்லை. கீழிருந்து வந்தால் 23-க்கு வரும்போது இரண்டாமவரின் கையெழுத்து நன்றாகப் பழகியிருக்கும், 58-க்கு வரும்போது முதலாமவருடையது பழகியிருக்கும். தடுக்குகிற இடம் 55-க்கும் 22-க்கும் மாறிவிடும், அங்கே முதல் ஆள் சரியாகப் படித்திருக்கிறார். தாளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்து டிக் அடிப்பதைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. திரையில் 750 என்று பார்த்துவிட்டுத் தாளுக்குப் போகிற கண் அங்கேயும் 750-ஐயே பார்த்துவிட்டு வரும்.

ஒப்பிட E பத்தியில்:

```
=IF(C2=D2,"",C2-D2)
```

23-ம் 58-ம் ஏற்கெனவே திருத்தியாகிவிட்டதால் E முழுக்கக் காலியாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இரண்டு செல்லில் எண் வந்தது. 49-வது வரியில் 50, 50-வது வரியில் மைனஸ் 50. தாளில் 49-க்கு 200, 50-க்கு 250. முதல் முறை அடிக்கும்போது கண் ஒரு வரி தவறி, இரண்டு தொகையும் மாறி ஏறியிருந்தன. இதில் இலக்கக் குழப்பம் எதுவும் இல்லை, மொத்தமும் மாறவில்லை, தாள்வாரிக் கூட்டிலும் தெரிந்திருக்காது, ஒன்று, ஏழு ஃபில்டரிலும் மாட்டியிருக்காது. ஆனால் 200 கொடுத்தவருக்கு 250 வரவு, 250 கொடுத்தவர் 50 பாக்கி என்று அடுத்த கூட்டத்தில் பெயர் வாசித்திருப்பார்கள். பொருளாளரே அடிக்கட்டையைப் புரட்டி அந்த இரண்டு ரசீதையும் எடுத்துக்கொடுத்தார். செல்களை மாற்றினோம். மொத்தம் அப்போதும் அதே 18,640.